பழனி தைப்பூச பாதயாத்திரைக்குப் பிள்ளையின் பள்ளியில் விடுப்பு கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தை மாதம் பிறந்தால் செட்டிநாட்டுப் பக்கத்துப் பள்ளிகளில் வகுப்பாசிரியர் மேசைக்கு வரும் விடுப்புக் கடிதங்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "என் மகனுக்குக் காய்ச்சல் என்பதால் பள்ளிக்கு வர இயலவில்லை." அடுத்த வாரம் அந்தப் பிள்ளை மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, பாதத்தில் கொப்புளத்தோடு வகுப்புக்கு வருவான். பழனிக்குப் போய் வந்தான் என்று ஆசிரியருக்கும் தெரியும், மொத்த வகுப்புக்கும் தெரியும். ஆனால் அவன் மட்டும் "காய்ச்சல் டீச்சர்" என்று சொல்லியாக வேண்டும். நேர்த்திக்கடனைச் செலுத்தப் போன பிள்ளையைப் பொய் சொல்ல வைப்பது எனக்கு ஒப்பவில்லை. நடைமுறையிலும் அது சிக்கல்தான். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலுக்கு மருத்துவர் சான்று கேட்கும் பள்ளிகள் நிறைய இருக்கின்றன.

உண்மையை எழுதினாலே விடுப்பு கிடைக்கும். அதற்குக் கடிதத்தில் கணக்கு சரியாக இருக்க வேண்டும். எந்த நாள், ஏன் அந்த நாள், எத்தனை பள்ளி நாள், விட்டுப்போகும் பாடத்துக்கு என்ன வழி என்ற நான்கும் அதில் இருந்தால் தலைமையாசிரியர் பெரும்பாலும் மறுக்கமாட்டார். கடிதம் எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். 2025-ஆம் ஆண்டுத் தைப்பூசத்தை எடுத்துக்கொண்டு, காரைக்குடியில் இருக்கும் ஒரு குடும்பத்தை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். மகன் ஏழாம் வகுப்பு, மகள் பன்னிரண்டாம் வகுப்பு, இருவரும் மாநிலப் பாடத்திட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், எந்த நாளில் பழனியில் இருந்தே ஆக வேண்டும்?

பழனியில் தைப்பூசத் திருவிழா பத்து நாள். ஊர்க்கோவில் என்று சொல்லும் பெரியநாயகி அம்மன் கோவிலில் கொடியேறும். ஆறாம் நாள் திருக்கல்யாணம், ஏழாம் நாள் தைப்பூசத்தன்று மாலையில் தேரோட்டம், பத்தாம் நாள் தெப்பம். 2025-இல் பிப்ரவரி 5 புதன்கிழமை கொடியேற்றம், 10 திங்கட்கிழமை திருக்கல்யாணம், 11 செவ்வாய்க்கிழமை தேர், 14 வெள்ளிக்கிழமை தெப்பம்.

இந்தப் பத்து நாளில் உங்கள் வேண்டுதல் எந்த நாளோடு கட்டுப்பட்டது என்று குடும்பத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஊர்க் குழுவோடு காவடி எடுத்துப் போவதாக வேண்டியிருந்தால் பூசத்தன்று அங்கே இருந்தாக வேண்டும், அதில் மாற்றமில்லை. தரிசனமும் முடிகாணிக்கையும் மட்டும்தான் என்றால், திருவிழாவுக்குள்ளேயே வரும் சனி, ஞாயிறில் போய் வந்துவிடலாம். அப்போது விடுப்புக்கே அவசியமில்லை. பள்ளியில் கேட்கப்போகும் முதல் கேள்வி "ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாதா?" என்பதுதான். அதற்கான பதில் முதலில் உங்களிடம் தெளிவாக இருக்க வேண்டும்.

தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன வருடம் மூன்று நாள் கேட்டோம், இந்த வருடமும் மூன்று நாள் என்று பழைய கடிதத்தைப் பார்த்து எழுதக் கூடாது. பஞ்சாங்கத்தில் தேதி மாதக்கணக்கில் முன்பே தெரிந்துவிடுகிறது. அதனால் "திடீரென்று கிளம்ப வேண்டியதாயிற்று" என்ற வரி திருவிழா விடுப்புக் கடிதத்தில் எடுபடாது.

இரண்டாவது, பள்ளி நாட்களை மட்டும் எண்ணுங்கள்

நம் காரைக்குடிக் குடும்பத்தில் அப்பா ஊர்க் குழுவோடு பிப்ரவரி 5 புதன்கிழமை அதிகாலை நடக்கத் தொடங்குகிறார். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல், அங்கிருந்து ஒட்டன்சத்திரம், பிறகு பழனி. மொத்தம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். பையனும் முதல் நாளிலிருந்தே கூட நடப்பதாக இருந்தால் 5, 6, 7 ஆகிய மூன்று நாளும் போய்விடும். 8-ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமை, 9 ஞாயிறு. 10 திங்கள் பள்ளி உண்டு. 11 தைப்பூசம், அரசு விடுமுறை. 2021 முதல் தமிழ்நாட்டில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை உண்டு. 12 புதன்கிழமை திரும்பி வந்து சேரும் நாள். ஆக, ஐந்து பள்ளி நாட்கள்.

ஐந்து நாள் என்றால் ஒரு முழு வாரப் பாடம். அதோடு, ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் போல ஆறு நாள் தொடர்ந்து நடப்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதிகம். அதனால் இந்தக் குடும்பம் வேறு ஏற்பாடு செய்கிறது. அப்பா முழுத் தூரமும் நடக்கிறார். அம்மாவும் பையனும் சனிக்கிழமை பஸ்ஸில் திண்டுக்கல் போய்க் குழுவோடு சேர்ந்துகொள்கிறார்கள். அங்கிருந்து பழனி 60 கிலோமீட்டர் போல. ஞாயிறும் திங்களும் நடந்து செவ்வாய்க்கிழமை காலைக்குள் பழனி சேர்ந்துவிடலாம். இப்போது விடுப்பு 10-ஆம் தேதியும் 12-ஆம் தேதியும் மட்டும்தான். ஐந்து நாள் இரண்டு நாளானது.

இந்தக் கணக்கைப் போடாமல் "5-ஆம் தேதி முதல் 12-ஆம் தேதி வரை எட்டு நாள்" என்று எழுதும் பெற்றோர் உண்டு. விடுமுறை நாட்களையும் சேர்த்து எண்ணிப் பெரிதாகக் காட்டினால் படிப்பவருக்கு மனம் சுருங்கும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்தச் சனிக்கிழமை வகுப்பு உண்டா, தைப்பூசத்துக்கு விடுமுறை உண்டா என்பதைப் பள்ளி நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். மாநில அரசு விடுமுறைகளை எல்லாம் அப்படியே பின்பற்றாத தனியார் பள்ளிகளும் இருக்கின்றன.

திரும்பும் நாளில் கஞ்சத்தனம் வேண்டாம். தேர் நிலைக்கு வந்த பிறகு பழனி பஸ் நிலையத்தில் நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். செவ்வாய் இரவே ஊர் வந்து புதன் காலை எட்டரைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவேன் என்று எழுதிவிட்டு, அன்று காலை போனில் "இன்னும் ஒரு நாள் சார்" என்று கேட்பதுதான் பள்ளிக்கு எரிச்சல் தருவது. முதலிலேயே புதன்கிழமையையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, தேர்வு அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள்

தைப்பூசம் வருவது ஜனவரி பின்பாதி, பிப்ரவரி முதல் பாதி. கீழ் வகுப்புகளுக்கு அப்போது பெரிய தேர்வு இருக்காது, வகுப்புத் தேர்வுகள் இருக்கலாம். பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு நிலைமை வேறு. திருப்புதல் தேர்வும் செய்முறைத் தேர்வும் அந்த நேரத்தில்தான் வரும்.

2025-இல் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுகள் பிப்ரவரி 7 முதல் 14 வரை என்று அறிவித்திருந்தார்கள். தைப்பூசம் அதன் நடுவில் விழுந்தது. நம் குடும்பத்தின் மகளுக்கு இந்த வாரத்தில் விடுப்பு கேட்கவே கூடாது. அந்த எட்டு நாளுக்குள் தன் பள்ளியில், தன் குழுவுக்கு இயற்பியல் என்றைக்கு, வேதியியல் என்றைக்கு என்பது பள்ளி சொன்னால்தான் தெரியும். புறத்தேர்வாளர் வரும் நாளை ஒரு மாணவிக்காக மாற்றவும் முடியாது. அவள் பாட்டியோடு வீட்டில் இருக்கிறாள். 12-ஆம் தேதி அவளுக்குத் தேர்வு இல்லையென்றால், விடுமுறையான செவ்வாய்க்கிழமை அதிகாலை மாமாவோடு பஸ் ஏறிச் சாமி பார்த்துவிட்டு இரவு திரும்பலாம். தேர்வு இருந்தால் அடுத்த மாதமும் போக வேண்டாம், அது பொதுத்தேர்வுக் காலம். எல்லாத் தேர்வும் முடிந்தபின் ஒரு நாள் போய் வரலாம். முருகன் அங்கேயேதான் இருக்கிறான்.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். உடல்நலக் குறைவால் ஏற்கெனவே பல நாள் போகாத பிள்ளையாக இருந்தால், கடிதம் எழுதும் முன் வருகை எவ்வளவு இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுப்புக்கு அனுமதி கிடைத்தால் அந்த நாளுக்கு வருகை கிடைத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிக் கிடையாது. அனுமதி பெற்ற விடுப்பும் பதிவேட்டில் வராத நாள்தான். அரசுப் பள்ளிகளில் கல்வித்துறையின் செயலியில் காலையிலேயே வருகையைப் போட்டுவிடுகிறார்கள், ஆசிரியரே நினைத்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. முழு வருகைக்குப் பரிசு தரும் பள்ளியில் உங்கள் பிள்ளை ஜூன் மாதத்திலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் போயிருந்தால், அவனிடமே கேளுங்கள். பரிசு போய்விடும் என்று தெரிந்து அவன் சம்மதித்து வருவது வேறு, மேடையில் பெயர் வாசிக்கும்போது தெரிந்துகொள்வது வேறு.

நான்காவது, எழுதும் முன் ஒரு தரம் நேரில் பேசுங்கள்

இரண்டு வாரம் முன்பு, மாலையில் பள்ளி விடும் நேரத்தில் வகுப்பாசிரியரைப் பார்த்து, "டீச்சர், பூசத்துக்குப் பழனி நடக்கிறோம், திங்களும் புதனும் பையன் வரமாட்டான், அந்த நாட்களில் பரீட்சை ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் போதும். பெரும்பாலும் அவரே, "திங்கட்கிழமை கணக்குத் தேர்வு இருக்கிறது, வெள்ளிக்கிழமை தனியாக எழுதிவிடட்டும்" என்பது போல வழி சொல்லிவிடுவார். அந்த ஏற்பாட்டையே கடிதத்தில் எழுதலாம். தலைமையாசிரியர் கடிதத்தைப் பார்த்ததும் வகுப்பாசிரியரைத்தான் கேட்பார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு நாள் விடுப்பு என்றால் பெரும்பாலான பள்ளிகளில் பிள்ளையின் நாட்குறிப்பில் எழுதி வகுப்பாசிரியருக்குக் காட்டினால் போதும். இரண்டு நாளோ அதற்கு மேலோ என்றால் தலைமையாசிரியர் பெயருக்கு, வகுப்பாசிரியர் வழியாக எழுதுவது நல்லது. பள்ளி தனியாகப் படிவம் வைத்திருந்தால் அதையும் நிரப்பிக் கடிதத்தோடு கொடுங்கள்.

ஐந்தாவது, கடிதம்

இந்தக் குடும்பத்தின் கடிதம் இப்படி இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பதை உங்களுக்கு ஏற்ப நிரப்பிக்கொள்ளுங்கள்.

> காரைக்குடி,
> 27.01.2025
>
> அனுப்புநர்
> (தாய் அல்லது தந்தையின் பெயர்),
> (முகவரி).
>
> பெறுநர்
> தலைமையாசிரியர் அவர்கள்,
> (பள்ளியின் பெயர்),
> காரைக்குடி.
>
> வழி: வகுப்பாசிரியர், 7-ஆம் வகுப்பு, (பிரிவு).
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: பழனி தைப்பூச பாதயாத்திரை – 10.02.2025, 12.02.2025 ஆகிய இரு நாட்கள் விடுப்பு வேண்டுதல்.
>
> வணக்கம். தங்கள் பள்ளியில் 7-ஆம் வகுப்பு (பிரிவு) பயிலும் (மாணவர் பெயர், வருகைப் பதிவு எண்) என் மகன். எங்கள் குடும்ப நேர்த்திக்கடனாக ஊர்க் காவடிக் குழுவுடன் பழனிக்குப் பாதயாத்திரை செல்கிறோம். 11.02.2025 தைப்பூசத்தன்று காவடி செலுத்த வேண்டியிருப்பதால் பயணத்தை வேறு நாளுக்கு மாற்ற இயலவில்லை.
>
> பள்ளி நாட்கள் குறைவாகத் தவறும்படி, என் மகன் 8-ஆம் தேதி சனிக்கிழமைதான் திண்டுக்கல்லில் எங்களுடன் சேர்ந்துகொள்கிறான். எனவே 10.02.2025 திங்கள், 12.02.2025 புதன் ஆகிய இரண்டு நாட்கள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 13.02.2025 வியாழக்கிழமை காலை அவன் பள்ளிக்கு வந்துவிடுவான்.
>
> 10-ஆம் தேதி நடைபெறும் கணக்குத் தேர்வை 14-ஆம் தேதி எழுத வகுப்பாசிரியர் இசைந்துள்ளார். மற்ற பாடங்களின் குறிப்புகளை அந்த வார இறுதிக்குள் எழுதி முடிக்கச் செய்கிறேன்.
>
> விரதத்தை முன்னிட்டு என் மகன் தற்போது மாலை அணிந்துள்ளான். முடிகாணிக்கை செலுத்துவதால் திரும்பி வரும்போது மொட்டைத் தலையுடன் இருப்பான். இவற்றை அனுமதிக்க வேண்டுகிறேன்.
>
> பயண நாட்களில் தொடர்புக்கு: (பெற்றோர் எண்), (வீட்டில் இருப்பவர் எண்).
>
> நன்றி.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
> (பெயர்)

இதில் சில வரிகள் ஏன் இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். பொருள் வரியிலேயே தேதிகள் இருப்பதால், அதை மட்டும் படித்துக் கையெழுத்துப் போடும் அவசரத்திலும் விவரம் போய்ச் சேரும். "மாற்ற இயலவில்லை" என்ற வரி ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு முன்கூட்டியே பதில். சனிக்கிழமை சேர்ந்துகொள்கிறான் என்று சொல்லும்போது, ஐந்து நாளை இரண்டாக நீங்களே குறைத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்பது கெஞ்சாமலே தெரிந்துவிடும். திரும்பி வரும் நாள் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாத கடிதம் நிறைய வருகிறது.

மாலை, மொட்டை பற்றிய வரியை அவசியம் எழுதுங்கள். சீருடை விதியைக் கறாராகப் பார்க்கும் பள்ளிகளில் கழுத்து மாலையைக் கழற்றச் சொல்வார்கள். விரதம் இருக்கும் பிள்ளை அழுதுகொண்டு நிற்பான். அதனால் மாலை போடும் நாளன்றே வகுப்பாசிரியருக்கு ஒரு குறிப்பு கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. செருப்பில்லாமல் வருவதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். மொட்டையைப் பற்றி முன்பே தெரிந்த ஆசிரியர், வகுப்பில் பிள்ளைகள் கேலி செய்யும்போது உடனே அடக்கிவிடுவார்.

எழுத வேண்டாதவையும் உண்டு. வேண்டுதலின் காரணத்தை விவரிக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து தேறியதற்காகவோ, வீட்டில் வேறு எதற்காகவோ வேண்டியிருக்கலாம். "குடும்ப நேர்த்திக்கடன்" என்பதே போதும், அந்தக் கடிதம் கோப்பில் கிடந்து பலர் கண்ணில் படும். "எங்கள் வழிபாட்டு உரிமை" என்று சண்டைக் குரலிலும் தொடங்க வேண்டாம். கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளியாயிற்றே, முஸ்லிம் நிர்வாகப் பள்ளியாயிற்றே என்று தயங்கவும் வேண்டாம். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களை அறிந்த ஊர்கள் நம்முடையவை. நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அண்ணன், தங்கை வெவ்வேறு பள்ளியில் படித்தால் ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். ஒரே பள்ளியில் வெவ்வேறு வகுப்பு என்றாலும் தனித்தனியாகக் கொடுப்பதே வசதி, அந்தந்த வகுப்பாசிரியர் கையில் ஒன்று இருக்கும்.

ஆறாவது, கொடுப்பதும் பதில் பெறுவதும்

பிள்ளையின் பையில் வைத்து அனுப்பினால் அது புத்தகத்துக்குள்ளேயே தங்கிவிடும். நேரில் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் வகுப்பாசிரியரிடமோ அலுவலகத்திலோ தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "நாளை முதல் லீவு" என்று போடுவது விடுப்புக் கடிதம் ஆகாது. இருபது பேர் அதையே பார்த்து ஆளுக்கொரு லீவு கேட்கத் தொடங்கினால் அந்த ஆசிரியருக்குத்தான் சங்கடம்.

தலைமையாசிரியர் யோசித்தால், என்ன தடை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நாள்தான் தடையாக இருக்கும். திங்கட்கிழமை பள்ளியில் ஆய்வு இருக்கிறது, பிள்ளைகள் எல்லோரும் வர வேண்டும் என்று சொன்னால், பையன் ஞாயிறு இரவு பஸ்ஸில் ஊர் திரும்பி, திங்கள் மாலை பள்ளி விட்டதும் மறுபடி கிளம்பி, குழு இரவு தங்கும் இடத்துக்குப் பஸ்ஸில் வந்து சேரலாம். ஞாயிற்றுக்கிழமை நடந்த தூரமும் செவ்வாய் காலை நடக்கும் கடைசித் தூரமும் அவன் கணக்கில் இருக்கும். காவடியும் செலுத்திவிடலாம். புதன்கிழமை ஒரு நாள் விடுப்பு என்று கடிதத்தைத் திருத்தி எழுதிக் கொடுங்கள். மறுத்த பிறகும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால், அடுத்த வருடம் கேட்க வாய் வராது.

கடைசியாக, திரும்பி வந்த பிறகு

வியாழக்கிழமை என்று எழுதியிருந்தால் வியாழக்கிழமை அனுப்பிவிடுங்கள். கொப்புளம் ஆறாமல் ஷூ போட முடியாது என்றால், செருப்போடு வர அனுமதி கேட்டு நாட்குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள், அதற்காக இன்னொரு நாள் நிறுத்த வேண்டாம். வழியில் உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிட்டால், அன்றே வகுப்பாசிரியருக்குப் போன் செய்துவிட்டு, அதற்குத் தனிக் கடிதமும் மருத்துவச் சீட்டும் கொடுங்கள். பழைய விடுப்போடு அதைச் சேர்த்து இழுக்காதீர்கள்.

புதன்கிழமை வீடு வந்து சேர்ந்ததுமே பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் திங்கட்கிழமைக் குறிப்பை வாங்கி எழுதத் தொடங்கினால், வாக்குக் கொடுத்தபடி வார இறுதிக்குள் முடியும். வெள்ளிக்கிழமைக் கணக்குத் தேர்வை அவனே போய் ஆசிரியரிடம் நினைவூட்டட்டும். பஞ்சாமிர்த டப்பாவை வியாழக்கிழமை கொடுத்து அனுப்புங்கள். விடுப்புக் கடிதத்தோடு எதையும் கொடுக்க வேண்டாம், பிரசாதம் திரும்பி வந்த பிறகுதான்.